குற்றி வைத்து எடுத்தும் பெட்டி ஏன் பெரிதாகத் தெரிகிறது?

“வணக்கம் அண்ணா. கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அம்மா இழைக்கும் சின்னப் பனையோலைப் பெட்டிகளை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டு விற்கிறேன். பெட்டி ஏழரை சென்றிமீற்றர் சதுரம், ஐந்து சென்றிமீற்றர் உயரம். சாமத்திய வீடு, கலியாணம் என்று கனடாவில் இருப்பவர்கள்தான் கூடுதலாக எடுக்கிறார்கள். பெட்டி கைக்குக் கிடைத்ததும் ‘படத்தில் பெரிதாகத் தெரிந்ததே’ என்கிறார்கள். அளவை எழுதித்தான் போடுகிறேன். பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியும் வைத்துத்தான் எடுத்தேன். இதற்கு மேல் என்ன செய்வது?”

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவு காட்ட ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்தது சரியான யோசனை. ஆனால் இந்தப் படத்தில் அந்தக் குற்றியே பெட்டியின் அளவைத் தவறாகச் சொல்கிறது. குற்றி இல்லாமல் இருந்திருந்தால், வாங்குபவர் சந்தேகப்பட்டு நீங்கள் எழுதிய அளவைத் தேடிப் படித்திருப்பார். குற்றி இருந்ததால் அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எப்படித் தவறியது என்பதை முதலில் விளக்குகிறேன். அது புரிந்தால் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று உங்களுக்கே தெளிவாகிவிடும்.

பெட்டியைப் பாயில் வைத்து, நேர் மேலே நின்று, தொலைபேசியைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். குற்றி பாயில் கிடக்கிறது. தொலைபேசி பாயில் இருந்து ஒரு அடி, அதாவது முப்பது சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கையை மடக்கிப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் பிடிப்பார்கள். குற்றி, தொலைபேசியின் வில்லையில் இருந்து முப்பது சென்றிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பெட்டியின் மூடியோ பாயில் இருந்து ஐந்து சென்றிமீற்றர் மேலே இருப்பதால், வில்லைக்கும் அதற்கும் இடையே இருபத்தைந்து சென்றிமீற்றர்தான். படத்தில் ஒரு பொருள் எவ்வளவு பெரிதாக விழும் என்பது வில்லைக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் உருவம் இரு மடங்காகும். இங்கே முப்பதை இருபத்தைந்தால் வகுத்தால் 1.2 வருகிறது. குற்றியோடு ஒப்பிடும்போது உங்கள் மூடி ஐந்தில் ஒரு பங்கு பெருத்து விழுந்திருக்கிறது. ஏழரை சென்றிமீற்றர் பெட்டி ஒன்பது சென்றிமீற்றர் பெட்டியாகக் காட்சி தருகிறது.

அடுத்தது குற்றி. நீங்கள் வைத்திருப்பது பொன்னிறமான பழைய ஐந்து ரூபாய்க் குற்றி. அதன் விட்டம் 23.5 மில்லிமீற்றர். அதைத் தினமும் கையில் எடுக்கும் உங்களுக்கு அந்த அளவு கண்ணில் பதிந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர், அவர் இங்கே பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், பல வருடங்களாக அந்தக் குற்றியைத் தொட்டிருக்கமாட்டார். அவர் கையில் நாள்தோறும் புழங்கும் பொன்னிறக் குற்றி கனடாவின் ஒரு டொலர்க் குற்றி. அது 26.5 மில்லிமீற்றர். சின்னத் திரையில் எழுத்தும் முகப்பும் தெரியாது, நிறமும் வட்டமும் மட்டுமே தெரியும். உங்கள் குற்றியை அவர் மனம் தனக்குப் பழகிய குற்றியாக எடுத்துக்கொண்டால் எல்லாம் இன்னும் எட்டில் ஒரு பங்கு பெருக்கும். ஒன்பது சென்றிமீற்றர் இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ நான்கு அங்குலம். மூன்று அங்குலப் பெட்டியை நான்கு அங்குலப் பெட்டி என்று நம்பி அவர் நூறு பெட்டிக்குக் காசு அனுப்புகிறார்.

உயரத்தைப் பற்றி அந்தப் படம் ஒன்றுமே சொல்லவில்லை. நேர் மேலே இருந்து பார்த்தால் பெட்டி ஒரு சதுரம், அவ்வளவுதான். சதுரத்தைக் கண்டவர் பெட்டியை எல்லாப் பக்கமும் ஒரே அளவுள்ளதாக எண்ணிக்கொள்வது இயல்பு. அப்படியானால் அவர் மனதில் உள்ளது பத்துக்குப் பத்துக்குப் பத்து: ஆயிரம் கன சென்றிமீற்றர். நீங்கள் அனுப்புவது ஏழரைக்கு ஏழரைக்கு ஐந்து: ஏறத்தாழ இருநூற்று எண்பது. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வரவில்லை. அவர் குறைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்களும் எதையும் மறைக்கவில்லை. பக்கவாட்டில் சின்னதாகத் தோன்றும் பிழை, கொள்ளளவு என்று வரும்போது இப்படிப் பெருகிவிடுகிறது. நகைக்கும் பொத்தானுக்கும் இது அவ்வளவு பெரிய சேதம் இல்லை. உள்ளே எதையாவது போடுவதற்காக வாங்கும் பெட்டிக்கும் குட்டானுக்கும் இதுதான் முழுச் சிக்கல்.

குற்றியைப் பெட்டிக்கு முன்னால், வில்லைக்குக் கிட்ட வைத்திருந்தால் மறுபக்கமாகத் தவறியிருக்கும். குற்றி பெருத்து, பெட்டி சிறுத்துத் தெரிந்திருக்கும். அந்தத் தவறைப் பற்றி யாரும் உங்களுக்கு எழுதமாட்டார்கள். ‘இது எதற்கும் காணாது’ என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். முறைப்பாடு வரவில்லை என்பதால் படம் சரி என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

ஆகவே பக்கத்தில் வைக்கும் பொருளுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். வாங்குபவரின் ஊரிலும் அது அதே அளவில் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியோடு ஒப்பிடத்தக்க பருமனிலும் இருக்க வேண்டும். முதலாவது தகுதியைப் பலர் கவனிப்பதில்லை. தங்கள் வீட்டு மேசையில் அகப்படுவதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தீப்பெட்டி நமக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கனடாவில் வளர்ந்த பிள்ளை அதைக் கையில் எடுத்திருக்குமா என்பதே சந்தேகம். கைத்தொலைபேசி எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் சின்னதுக்கும் பெரியதுக்கும் இடையே இரண்டு விரல் அகல வித்தியாசம் வரும். எந்தத் தொலைபேசி என்று படத்தில் தெரியாது. தேசிக்காய், முட்டை, மாங்காய் எல்லாம் அழகாக இருக்கும். அளவு காட்ட உதவாது, ஏனென்றால் அங்கே கடையில் விற்கும் தேசிக்காயும் நம் முற்றத்துத் தேசிக்காயும் ஒரே பருமன் இல்லை. பேனை பரவாயில்லை, ஆனால் மெல்லிய நீண்ட பொருளோடு குட்டையான பெட்டியை ஒப்பிடக் கண் சிரமப்படும்.

உங்கள் பெட்டிக்கு நான் சொல்வது வங்கி அட்டை. உலகம் முழுவதும் வங்கி அட்டை ஒரே அளவில்தான் செய்யப்படுகிறது. அதற்கென்று சர்வதேச நியமம் ஒன்று இருக்கிறது: நீளம் 85.6 மில்லிமீற்றர், அகலம் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் தரும் அட்டைக்கும் ரொறன்ரோவில் தரும் அட்டைக்கும் இலண்டனில் தரும் அட்டைக்கும் மயிரிழை வித்தியாசமும் இல்லை. இன்னொரு பெரிய வசதி, படத்தைப் பார்க்கும்போதே வாங்குபவரின் பணப்பையில் அதே பொருள் இருக்கிறது. எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கலாம். நீங்கள் வைத்த குற்றியை அவரால் நினைத்துத்தான் பார்க்க முடியும். அட்டையை அவரால் தொட்டுப் பார்க்க முடியும்.

உங்கள் பெட்டிக்கு அட்டை பொருந்துவதில் ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. அட்டையை நீளப்பக்கம் கீழே வருமாறு நிறுத்தினால் அது எட்டரை சென்றிமீற்றருக்கு ஐந்தரை சென்றிமீற்றர். உங்கள் பெட்டியின் முன்பக்கம் ஏழரைக்கு ஐந்து. அட்டையைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுவதும் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துவிடும். இதை விடத் தெளிவாக இந்தப் பெட்டியின் அளவை யாரும் சொல்லிவிட முடியாது. விளம்பரத்தில் இந்த வசனத்தையே எழுதுங்கள்: “உங்கள் வங்கி அட்டையை நீளவாக்கில் நிறுத்திப் பாருங்கள். பெட்டியின் ஒரு பக்கம் அதை விடச் சற்றுச் சிறியது.” சென்றிமீற்றரா அங்குலமா என்ற குழப்பம்கூட இதில் இல்லை.

அட்டையை வைக்கும்போது பாவனையில் உள்ள அட்டையைத் தயவுசெய்து வைக்காதீர்கள். முன்பக்கத்தில் இலக்கமும் பெயரும் இருக்கும், பின்பக்கத்தில் மூன்று இலக்க இரகசிய எண் இருக்கும். மங்கலாக்கிவிடலாம் என்று நினைப்பதும் ஆபத்து, ஒரு படத்தில் மறந்துபோகும். சுப்பர்மார்க்கெட்டில் புள்ளி சேர்க்கத் தரும் அட்டையும் அநேகமாக இதே அளவுதான். அதை ஒரு வங்கி அட்டையோடு பொருத்திப் பார்த்து, ஓரங்கள் சரியாக ஒட்டினால், முன்பக்கத்தில் ஒரே நிறக் கடதாசி ஒட்டிப் பயன்படுத்துங்கள். கடும் நீலமோ கடும் பச்சையோ நல்லது. சார்வோலையின் வெளிர் நிறத்தருகே வெள்ளை அட்டை கரைந்துவிடும், சிவப்பு அட்டை பெட்டியை விட முந்திக்கொண்டு கண்ணை இழுக்கும். அது வெறும் நீலத் துண்டாகத் தெரிந்துவிடாமல், “வங்கி அட்டை அளவு” என்று அதன் மேலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

இனி எங்கே வைப்பது. மேசையின் மேல் பெட்டியை வையுங்கள். அட்டையைப் பெட்டிக்கு வலப்பக்கத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு, நீளப்பக்கம் கீழே இருக்குமாறு நிறுத்துங்கள். பின்னால் ஒரு துணிக்கிளிப்பைக் கவ்வவிட்டால் அட்டை நிற்கும், முன்னால் இருந்து பார்க்கக் கிளிப் தெரியாது. அட்டையின் முகமும் பெட்டியின் முன்முகமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அடிமட்டம் ஒன்றைப் பெட்டியின் முன் விளிம்போடு சேர்த்து வைத்து, அட்டையை அந்த அடிமட்டத்தைத் தொடும் வரை நகர்த்துங்கள். பிறகு அடிமட்டத்தை எடுத்துவிடுங்கள். வில்லையில் இருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கின்றன என்பதற்கு இதுதான் உறுதி. முதல் படத்தில் முதலாவதாகத் தவறியது இந்த விடயம்தான்.

அடுத்து நீங்கள் பின்னால் போக வேண்டும். தொலைபேசிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு மீற்றர் இருக்கட்டும், அதாவது மேசையில் இருந்து ஒரு நீண்ட எட்டு. படத்தில் பெட்டி சின்னதாகத் தெரிந்தால் கிட்டப் போகாதீர்கள், இரண்டு மடங்கு உருப்பெருக்கம் வைத்து எடுங்கள். உங்கள் தொலைபேசியில் உருப்பெருக்கினால் படம் மங்குகிறது என்றால் அப்படியே எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டுங்கள். இன்றைய சாதாரணத் தொலைபேசியின் படத்தில் பாதியை வெட்டி எறிந்தாலும் முகநூலுக்கு மிஞ்சும். தூரம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். அட்டை தவறுதலாக ஒரு சென்றிமீற்றர் முன்னுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். தொலைபேசி இருபத்தைந்து சென்றிமீற்றரில் இருந்தால் அந்தப் பிழை நூற்றுக்கு நான்கு. ஒரு மீற்றரில் இருந்தால் நூற்றுக்கு ஒன்று. கண்ணுக்கே தெரியாது. தூரத்தில் இருந்து எடுத்தால் கை நடுக்கமும் சின்னச் சின்ன வைப்புப் பிழைகளும் மன்னிக்கப்படுகின்றன.

வில்லையைப் பெட்டியின் மூடியை விடச் சற்று உயரத்தில் வைத்து, மிக மெதுவாகச் சாய்த்துப் பிடியுங்கள். முன்முகம் முழுவதும், மூடியின் மேற்பரப்பு ஒரு கீற்றாகவும் தெரிந்தால் போதும். அப்போது உயரமும் தெரியும், மேலே அம்மா இழைத்த கோலமும் தெரியும். தொலைபேசியில் 0.5 என்று காட்டும் அகன்ற வில்லையை இதற்குத் தொடவே வேண்டாம். அது படத்தின் ஓரங்களில் இருப்பவற்றை இழுத்து நீட்டும். நடுவில் பெட்டியும் ஓரத்தில் அட்டையும் இருந்தால் அட்டை நீண்டுவிடும். பின்புலத்தை மங்கலாக்கும் முறையையும் நிறுத்திவிடுங்கள். அட்டையின் விளிம்பையே அது சில வேளை தின்றுவிடுகிறது. வெளிச்சத்துக்குக் காலையில் விறாந்தை போதும். மதிய வெயிலில் நிழல் கறுத்து, பெட்டியின் அடி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

எடுத்த படம் உண்மை சொல்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். படத்தைக் கணினித் திரையில் திறந்து, அட்டையின் நீளம் திரையில் சரியாகப் பத்து சென்றிமீற்றர் வரும் வரை பெரிதாக்குங்கள். இப்போது அடிமட்டத்தைத் திரையில் வைத்துப் பெட்டியின் அகலத்தை அளவுங்கள். எட்டே முக்கால் சென்றிமீற்றர் வர வேண்டும். ஏழரையை 8.56 ஆல் வகுத்தால் வரும் விகிதம் அதுதான். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையே எதுவானாலும் ஏற்றுக்கொள்ளலாம். ஒன்பதைத் தாண்டினால் அட்டை பின்னுக்குப் போயிருக்கிறது, எட்டரைக்குக் குறைந்தால் அட்டை முன்னுக்கு வந்திருக்கிறது. நகர்த்திவிட்டு மறுபடி எடுங்கள். இதே சோதனையை உங்கள் பழைய படத்தில் குற்றியை வைத்துச் செய்து பாருங்கள். பெட்டியின் அகலம் குற்றியின் விட்டத்தைப் போல மூன்று மடங்கும் இன்னும் கொஞ்சமுமாக இருந்திருக்க வேண்டும், படத்தில் நான்கு மடங்குக்குக் கிட்ட வரும்.

விகிதம் சரியாக இருந்தாலும் பார்ப்பவர் சரியாக விளங்கிக்கொள்கிறாரா என்பது வேறு விடயம். அதற்கு, உங்கள் பெட்டியை ஒருபோதும் பார்க்காத ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். ‘அளவு தெரிகிறதா?’ என்று கேட்டால் எல்லாரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காமல் ஒரு கடதாசியையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, ‘இந்தப் பெட்டியின் மூடி எவ்வளவு என்று நினைக்கிறீர்களோ அந்த அளவுக்கு ஒரு சதுரம் வெட்டித் தாருங்கள்’ என்று கேளுங்கள். வெட்டிய சதுரத்தைப் பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் வெட்டியதும் எல்லாச் சதுரமும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், படத்தில் இன்னும் வேலை இருக்கிறது. அயல் வீட்டுக்காரரை விட, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் படத்தை அனுப்பி அவர் பக்கத்தில் இதைச் செய்விப்பது இன்னும் நல்லது. வாங்கப்போவது அவரைப் போன்ற கண்தான்.

கையில் பிடித்து எடுக்கும் படத்தைப் பற்றியும் பலர் கேட்பார்கள். கைகள் ஒன்றுக்கொன்று வேறுபடும், ஆதலால் அளவுகோலாக அட்டையை விட அது குறைந்ததுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் நகம் அளவுக்குச் சின்னதாகத் தோன்றும் படத்தில் அட்டை என்ன என்று விளங்காது, உள்ளங்கை உடனே விளங்கும். ஆகவே முதல் படமாக அம்மாவின் உள்ளங்கையில் பெட்டி இருக்கும் படத்தையும், இரண்டாவதாக அட்டைப் படத்தையும் போடுங்கள். கையைத் தொலைபேசியை நோக்கி நீட்டக் கூடாது. அம்மா ஒரு மீற்றருக்கு அப்பால் நின்று, கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்க, நீங்கள் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளையின் கையில் வைத்து எடுக்கவே வேண்டாம். அழகாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பெட்டி இரட்டிப்பாகிவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்தீர்கள் என்று வாங்குபவர் நினைத்தால் அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம்.

பட்டியலில் படங்கள் சதுரமாக வெட்டுப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியும் அட்டையும் சேர்ந்து படத்தின் நடுவில் அடங்க வேண்டும், இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். அட்டையில் பாதி வெட்டுப்பட்டால் பார்ப்பவருக்கு அது ஏதோ ஒரு நீலத் துண்டு. பின்னாளில் அமேசான் போன்ற தளத்துக்குப் போவதாக இருந்தால், அங்கே முதற்படத்தில் விற்கும் பொருளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, பின்புலமும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது விதி. அட்டைப் படம் அங்கே இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டும்.

உங்களிடம் பெட்டி எடுப்பவர்கள் உண்மையில் கேட்கும் கேள்வி வெளியளவைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். ‘இதற்குள் என்ன போடலாம், எத்தனை போடலாம்?’ என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பனையோலைப் பெட்டியில் மூடி அடிப்பெட்டிக்கு வெளியே கவிழும், அடிப்பெட்டியின் சுவரிலும் ஓலை மடிந்து தடித்திருக்கும். ஏழரை சென்றிமீற்றர் என்பது மூடியின் வெளியளவு. உள்ளே கிடைக்கும் இடம் அதை விடக் குறைவு. உள்ளளவைத் தனியாக அளந்து எழுதுங்கள். கூடவே ஒரு படம் எடுங்கள்: மூடியைத் திறந்து பக்கத்தில் சாய்த்து வைத்து, உள்ளே அவர்கள் போடப்போகும் பொருளையே போட்டு. கனடாவில் இத்தகைய பெட்டிக்குள் பொன்தாள் சுற்றிய உருண்டைச் சொக்லேட்டைப் போடுகிறவர்கள் பலர். அது அங்கும் இங்கும் ஒரே அளவாக வருவதால் நல்ல சாட்சி. பயத்தம் பணியாரம் போட்டும் எடுக்கலாம், ஆனால் வீட்டுக்கு வீடு பருமன் மாறும். ஆகவே எத்தனை கொண்டது என்ற எண்ணிக்கையை எழுதும்போது உங்கள் வீட்டுப் பணியாரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிரப்பி மூடியை மூடிப் பார்த்த பிறகே எண்ணுங்கள். குவித்து வைத்துப் படம் எடுத்துவிட்டு மூட முடியாமல் போனால் அடுத்த முறைப்பாடு தயாராகிவிடும். உள்ளே இருப்பவை விலையில் அடங்கா என்று ஒரு வரியும் தேவை.

இந்த அட்டை எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் சுளகும் கடகமும் விற்கத் தொடங்கினால் அதையே வைப்பீர்கள். பக்கத்தில் வைக்கும் பொருள் விற்கும் பொருளின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அதை விடப் பெரிதாக அதிகம் ஓங்கவும் கூடாது என்பது என் அனுபவக் கணக்கு. கடகத்தருகே அட்டை ஒரு புள்ளி. அதற்கு ஆள் ஒருவர் இடுப்பில் ஏந்தி நிற்பதே சரி. பனையோலைத் தோட்டுக்கு அட்டை பெரிது. அதைக் காதில் போட்டு எடுத்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை. குட்டான் போன்ற குறுகிய உயர்ந்த பொருளுக்குச் சுவர் மணிக்கூட்டுக்குப் போடும் டபிள் ஏ பற்றரியை நிறுத்தி வைக்கலாம். அதுவும் உலகம் முழுவதும் ஐந்து சென்றிமீற்றர் உயரம்தான்.

கையால் இழைப்பது என்பதால் பெட்டிக்குப் பெட்டி இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடிக் குறையும். படத்துக்குப் பெட்டி தெரிவு செய்யும்போது நம் கை தானாகவே பெரிதையும் நிமிர்ந்து நிற்பதையும் எடுக்கும். அப்படி எடுக்காதீர்கள். பத்துப் பெட்டிகளை வரிசையாக வைத்து அளந்து, அவற்றில் சிறியதைப் படம் பிடியுங்கள். எழுதும் அளவும் அந்தப் பெட்டியின் அளவாகவே இருக்கட்டும். சற்றுப் பெரிய பெட்டி கிடைத்தவர் குறைப்படமாட்டார்.

இறுதியாக ஒரு வேலை: பழைய படத்தை நீக்கிவிடுங்கள், முகநூலில் மட்டும் இல்லை, வாட்ஸ்அப் பட்டியலிலும். ஏற்கெனவே அனுப்பியவை கை மாறிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கீழே எழுதிய அளவு கழன்றுபோய்ப் படம் மட்டும் ஒரு குடும்பக் குழுவில் இருந்து இன்னொன்றுக்குப் போகும். அதனால் புதிய படத்தில் அளவைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். பெட்டியின் அடியோடு ஒட்டி ஒரு கோடு, அதன் கீழ் “7.5 செ.மீ. / 3 அங்குலம்”, பக்கவாட்டில் இன்னொரு கோடு, அதனருகே “5 செ.மீ. / 2 அங்குலம்”. ஆர்டர் தருபவர் யாராக இருந்தாலும், காசு வாங்குவதற்கு முன் இந்தப் படத்தை மறுபடி ஒரு முறை அனுப்பி, “உங்கள் வங்கி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உறுதி சொல்லுங்கள்” என்று எழுதுங்கள். அவர் ‘சரி’ என்று பதில் அனுப்பிய பிறகு அம்மா ஓலையை எடுக்கட்டும்.